சுற்றும்போது சுவர் மறைக்காத குட்டி அறை

கேள்வி: ஐசோமெட்ரிக் கோணத்தில் ஒரு குட்டி அறை, மெதுவாகச் சுற்ற வேண்டும், உள்ளே சின்னச் சின்ன மனிதர்கள் நடமாட வேண்டும். ஏஐ-யிடம் எப்படிக் கேட்டாலும் பாதிச் சுற்றில் சுவர் வந்து மறைத்துவிடுகிறது. என்ன ப்ராம்ப்ட் கொடுப்பது?

நான் இதை வீடியோவாகக் கேட்காமல் நிரலாகக் கேட்டு வாங்கினேன்: உலாவியில் ஓடும் ஒரே ஒரு பக்கம், த்ரீ ஜேஎஸ் நூலகத்தில். வீடியோவாகக் கேட்டபோது அறை பாதி திரும்புவதற்குள் பொம்மைகளின் சட்டை நிறம் மாறியது, மேசைக்குக் கால் ஒன்று கூடியது. நிரலாக இருந்தால் எந்த இடம் தவறோ அதை மட்டும் திருத்தச் சொல்லலாம்.

நான் செய்தது அப்பாவின் தையற்கடை. ஒரு தையல் மெஷின், வெட்டும் மேசை, துணி அடுக்கிய அலமாரி, மெஷினில் ஒருவர், மேசைக்கும் அலமாரிக்கும் நடக்கும் பையன் ஒருவன். முதல் ப்ராம்ப்டில் "அழகான, மென்மையான வெளிச்சம், பொம்மை வீடு போல" என்று வர்ணனையாகவே எழுதித் தள்ளினேன். வெளிச்சம் நன்றாகத்தான் வந்தது. சுவர்தான் உங்களுக்கு வந்தது போலவே வந்தது.

நம் மனதில் இருக்கும் ஐசோமெட்ரிக் அறைக்கு இரண்டே சுவர். முன்பக்கம் திறந்திருக்கும். அது அசையாத படத்துக்குச் சரி. 180 டிகிரி திரும்பினால் அந்த இரண்டு சுவரும் கேமராவுக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டும். எனவே நான்கு சுவரும் கேளுங்கள். கேமராப் பக்கம் வரும் சுவர் தானாக மறைய வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். என் இரண்டாவது ப்ராம்ப்ட் இது:

```
ஒரே HTML கோப்பு. three 0.160.0, importmap வழியாக.
1 அலகு = 1 மீட்டர். தரை 4 x 4, நடுப்புள்ளி (0,0,0).
சுவர் நான்கு, உயரம் 2.5. ஒவ்வொன்றும் தனி Group,
அதன் +z அறையின் உட்பக்கம் நோக்கும்.
OrthographicCamera (10,11,10)-ல் தொடங்கி (0,1,0)-ஐப்
பார்த்தபடி சுற்றும். ஒரு சுற்று 60 விநாடி, கடந்த
நேரத்தை வைத்து. அறை சுற்றக் கூடாது, கேமராதான் சுற்றும்.
உட்பக்கம் கேமராவை நோக்காத சுவரை மறை.
```

கடைசி வரிக்கு வரவேண்டிய நிரல் இவ்வளவுதான். இதைவிட நீளமாக வந்தால் சந்தேகப்படுங்கள்.

```js
for (const w of walls) {
  w.getWorldDirection(n);
  w.visible = n.dot(cam.position) > 0;
}
```

சுவர் சட்டென்று மறைந்தால் கண்ணை உறுத்துமே என்று பயந்தேன். உறுத்தவில்லை. இந்த `OrthographicCamera`-வில் தூரத்துப் பொருள் சிறுத்துத் தெரியாது, பார்வைக் கோடுகள் எல்லாம் இணையாகவே போகும். அதனால் சுவர் பக்கவாட்டில் திரும்பி வெறும் கோடாகத் தெரியும் அந்த நொடியில்தான் மறைகிறது. உறுத்தியது சுவரில் மாட்டிய அலமாரி. அது 30 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், சுவரோடு சேர்ந்து மறையும்போது 'பொசுக்'கென்று காணாமல் போனது. அலமாரியைத் தரையில் நிற்க வைத்துவிட்டு, சுவரின் Group-க்குள் நாள்காட்டி, சாமி படம் மாதிரித் தட்டையானவற்றை மட்டும் வைக்கச் சொன்னேன். அவற்றைச் சுவரின் Group-க்குள் வைக்கச் சொல்ல மறந்தால் சுவர் போன பிறகு நாள்காட்டி அந்தரத்தில் தொங்கும். எனக்கு ஒரு நாள் தொங்கியது.

"ஐசோமெட்ரிக்" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். பல முறை ஏஐ, தூரத்துப் பொருளைச் சிறிதாகக் காட்டும் `PerspectiveCamera`-வை மேலே தூக்கி வைத்துவிட்டு ஐசோமெட்ரிக் என்று கொடுத்துவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: தரையில் டைல்ஸ் போடச் சொல்லுங்கள். கிட்டத்து டைலும் தூரத்து டைலும் ஒரே அளவாக இருந்தால் சரி. மேலே கொடுத்த (10,11,10) எண்கள் 45 டிகிரி திருப்பத்தையும் 35.26 டிகிரி சரிவையும் தருகின்றன. உண்மையான ஐசோமெட்ரிக் கோணம் அதுதான். போனை நிமிர்த்திப் பிடித்தால் அறையின் இரு ஓரமும் வெட்டுப்படும். தரையின் மூலைக்கு மூலை 5.66 மீட்டர் என்பதால், "திரை எப்படி இருந்தாலும் அகலத்திலும் உயரத்திலும் குறைந்தது 6.5 அலகு தெரிய வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தேன். கேமராவைப் பின்னால் நகர்த்தச் சொல்லிப் பயனில்லை, இந்த வகைக் கேமராவில் உருவம் சிறுக்காது.

நூலகத்தின் பதிப்பு எண்ணை எழுதியதற்கும் காரணம் உண்டு. பழைய எடுத்துக்காட்டுகளில் இருந்த `examples/js` கோப்புறை 148-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. பழைய பழக்கத்தில் அதை அழைக்கும் நிரல் வந்தால் திரை வெள்ளையாகவோ கறுப்பாகவோ நின்றுவிடும். விளக்குகளின் கணக்கும் 155-இல் மாறியது. படம் வந்தும் அறை மங்கலாகக் கிடந்தால் முதலில் விளக்கின் `intensity`-யைக் கூட்டச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது பையன். "அங்குமிங்கும் நடக்க வேண்டும்" என்று எழுதினால் மேசைக்குள் புகுந்து வெளியே வருவான். பாதையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். கட்டம் போட்ட நோட்டில் தரையை வரைந்து, சாமான்களை வைத்து, இடையில் நான்கு புள்ளிகள் குறித்துக்கொண்டேன். அவற்றை அப்படியே (1.2, 0.8) என்ற மாதிரி எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் 2 விநாடி நிற்கச் சொன்னேன். முகம் +z பக்கம் என்றும் எழுதுங்கள், இல்லாவிட்டால் பின்னோக்கி நடப்பான்.

கால்தான் நிறைய நேரம் தின்றது. முதலில் கால் இடுப்பில் ஆடாமல் முட்டியில் செருகிய துடுப்பு மாதிரி நடுவில் சுழன்றது. பெட்டி வடிவம் தன் மையத்தைச் சுற்றித்தான் சுழலும். மையத்தை இடுப்புக்கு ஏற்ற வேண்டும். அது சரியானதும் அடுத்த குறை: ஐஸ் மேல் வழுக்குவது போல நடந்தான். கால் ஆடும் வேகத்துக்கும் உடம்பு நகரும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. காலின் நீளம் 0.5, ஆட்டம் இருபுறமும் 0.4 ரேடியன் என்றால் ஒரு எட்டு சுமார் 0.39 மீட்டர், இரண்டு எட்டு 0.78. ஆகவே கால் ஆட்டத்தை நேரத்தோடு கட்டாமல், நடந்த தூரம் `s`-உடன் கட்டச் சொன்னேன்:

```js
legGeo.translate(0, -0.25, 0);
left.rotation.x = 0.4 * Math.sin(s * 2 * Math.PI / 0.78);
right.rotation.x = -left.rotation.x;
```

இப்போது அவன் நின்றால் காலும் தானாக நிற்கிறது, வேகத்தை மாற்றினாலும் வழுக்குவதில்லை.

ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு குறையை, கண்ணில் பட்டபடி எழுதினேன்: "பையன் நிற்கும்போதும் கால் ஆடுகிறது" என்பது போல. நான்கு குறையைச் சேர்த்து எழுதியபோது மூன்றைத் திருத்தி, ஏற்கெனவே சரியாக இருந்த சுவரைக் கெடுத்துக் கொடுத்தது. ஒவ்வொரு நல்ல பதிப்பையும் தனிப் பெயரில் சேமித்து வையுங்கள்.

அப்பா உருவம் குனிந்து நிமிரும்போது கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப் இன்னும் நெஞ்சுக்குள் புகுந்து வெளியே வருகிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன். அப்பா பார்த்துவிட்டு அதைக் கவனிக்கவே இல்லை, "கத்தரிக்கோல் எங்கேடா?" என்றுதான் கேட்டார்.