ஐந்தாம் ஆண்டில் ஐபிஓ என்று எழுதலாமா?

கேள்வி: இயந்திர உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். ஆண்டு விற்பனை 4 கோடி. 20 சதவீதப் பங்கு கொடுத்து 2 கோடி முதலீடு கேட்கப் போகிறேன். முதலீட்டாளருக்குப் பணம் எப்போது, எப்படித் திரும்பும் என்று திட்ட அறிக்கையில் ஒரு பகுதி எழுதச் சொல்கிறார்கள். ‘ஐந்து ஆண்டில் ஐபிஓ’ என்று போட்டால் போதும் என்கிறார் அறிக்கை தயாரித்துக் கொடுப்பவர். சரியா?

பதில்: போடாதீர்கள். உங்கள் அளவில் உள்ள நிறுவனங்களில் மிகச் சிலதான் பங்குச் சந்தை வரை போகின்றன. முதலீட்டாளர் பணத்தோடு வெளியே வருவது பெரும்பாலும் வேறொரு நிறுவனம் உங்களை வாங்கும்போதுதான். ஐபிஓ என்ற அந்த வரியைப் பார்த்ததுமே, இந்தப் பகுதியை நீங்கள் எழுதவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும்.

எழுதுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஆறாம் ஆண்டில் விற்பனை 20 கோடி ஆகும் என்று உங்கள் அறிக்கையே சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தொழிலில் நிறுவனங்கள் ஆண்டு விற்பனையைப் போல ஒன்றரை மடங்குக்குக் கைமாறுகின்றன என்றால் விலை 30 கோடி. அதில் 20 சதவீதம் 6 கோடி, போட்டது மூன்று மடங்காகிறது என்று எழுதத் தோன்றும். ஆனால் வளர்வதற்காக நடுவே இரண்டு முறை புது முதலீடு வாங்கி, ஒவ்வொரு முறையும் 20 சதவீதப் புதுப் பங்கு கொடுத்தால், முதலில் வந்தவரின் 20 சதவீதம் 16 ஆகி, அப்புறம் 12.8 ஆகிவிடும். 30 கோடியில் அது 3.84 கோடி. ஆறு ஆண்டுக்கு இரண்டு மடங்குகூட இல்லை. ஆண்டுக்குச் சுமார் 11.5 சதவீதம்தான். கடன் இருந்தால் அதைக் கழித்த பிறகே பங்கு பிரிப்பார்கள். அவருக்கு ஐந்து மடங்கு என்று எழுத வேண்டுமானால் நிறுவனம் 78 கோடிக்கு விலை போக வேண்டும். அதற்கு விற்பனை 52 கோடி வேண்டும். உங்கள் அறிக்கையின் வேறு எந்தப் பக்கத்திலும் அந்த 52 கோடி இல்லை. முதலீட்டாளர் தேடிப் பிடிக்கும் ஓட்டை இதுதான்.

‘எப்போது’ என்பதற்கு ஒரு தேதி கேட்கிறார்கள். ஆறு ஆண்டு கழித்து யார் எதை வாங்குவார் என்று யாருக்கும் தெரியாது. கேட்பவருக்கும் அது தெரியும். ஆனாலும் படிவத்தில் கட்டம் இருக்கிறது, நிரப்பு என்கிறார்கள். இந்தச் சடங்கைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. தேதிக்குப் பதில் ஒரு கால அளவும் நிபந்தனையும் கொடுங்கள்: ‘ஐந்து முதல் ஏழு ஆண்டுக்குள், விற்பனை 15 கோடியைத் தாண்டி, எந்த ஒரு வாடிக்கையாளரும் அதில் கால் பங்குக்கு மேல் இல்லாத நிலையில் நிறுவனத்தை விற்கத் தயாராவோம்.’ ஒரே வாடிக்கையாளரை நம்பி நிற்கும் நிறுவனத்தை வாங்கப் பயப்படுவார்கள், அதனால்தான் அந்த இரண்டாம் நிபந்தனை. வாங்கக்கூடியவர் எந்த வகை நிறுவனம், உங்களிடம் இருக்கும் எது அவருக்குத் தேவை என்பதையும் இரண்டு வரியில் சொல்லுங்கள்.

நிறுவனத்தை விற்கவே மனமில்லை என்றால்? அதை மறைக்காமல் எழுதுங்கள். அப்போது உள்ள வழி, முதலீட்டாளரின் பங்கை நிறுவனமே திரும்ப வாங்குவது. புது முதலீடு வாங்காமலே அதே 20 கோடியை எட்டினால் அவருடைய 20 சதவீதம் குறையாது. 6 கோடி கொடுக்க வேண்டும். நிகர லாபம் விற்பனையில் பத்து சதவீதம் என்றால் ஆண்டுக்கு 2 கோடி. முழு லாபத்தையும் கொடுத்தாலே மூன்று ஆண்டு ஆகும். பாதியை ஒதுக்கினால் ஆறு ஆண்டு. ஆகவே, எந்த ஆண்டிலிருந்து லாபத்தில் எத்தனை சதவீதம் ஒதுக்குவீர்கள், பங்கின் விலையை எந்தக் கணக்கில் முடிவு செய்வீர்கள், லாபம் வராத ஆண்டில் என்ன செய்வீர்கள் என்ற மூன்றும் அறிக்கையில் இருக்க வேண்டும். நிறுவனம் தன் பங்கைத் தானே வாங்குவதற்குப் பல நாடுகளில் சட்ட வரம்புகள் உண்டு. வழக்கறிஞரிடம் காட்டாமல் இந்தப் பத்தியை அனுப்பாதீர்கள்.

அறிக்கை தயாரிப்பவர்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். என்னிடம் வந்த ஒருவருடைய அறிக்கையில், ‘ஆண்டுக்கு 25 சதவீத வருமானம் உறுதி’ என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். பங்கு முதலீட்டில் உறுதி என்ற சொல் வரவே கூடாது. நாளைக்குத் தகராறு வந்தால், ஏமாற்றிப் பணம் வாங்கினார் என்பதற்கு அந்தத் தாளையே ஆதாரமாக நீட்டுவார்கள். எழுதிக் கொடுத்தவர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார். ‘முதலீட்டாளரை நானே பிடித்துத் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்பவரிடமும் கொடுக்காதீர்கள். முதலீடு உங்கள் கணக்கில் விழுந்த பிறகு கமிஷன் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் ஆலோசகர் அதற்குச் சம்மதிக்கிறாரா என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.