ஒட்டிய பில் சுருங்குகிறது, ஒட்டிய படம் சிவப்புப் பெருக்கல் குறியாகிறது

கேள்வி: புது மிக்ஸியின் மோட்டார் புகைந்துவிட்டது. கடை பில்லை ஸ்கேன் செய்து அவுட்லுக் மெயிலில் ஒட்டி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். "படம் மிகச் சிறியது, படிக்க முடியவில்லை" என்கிறார்கள். நிறுவனத்தின் வாரண்டிப் பக்கத்தில் நான் ஏற்றியிருந்த சீரியல் எண் படத்தையும் காப்பி செய்து ஒட்டினேன். அந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறிதான் தெரிகிறது. 600 டிபிஐ ஸ்கேனர் வாங்கினால் சரியாகுமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பணம் வீண். உங்கள் ஸ்கேனரில் குறை இல்லை, ஒட்டிய விதத்தில்தான் இருக்கிறது.

முதலில் பில். கடைகளில் தரும் தெர்மல் தாள் பெரும்பாலும் 80 மி.மீ. அகலம், அதாவது ஏறத்தாழ 3.15 அங்குலம். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஸ்கேன் செய்தால் அகலவாக்கில் சுமார் 945 பிக்சல் கிடைக்கும். எழுத்துகள் தெளிவாகத் தெரிய அது தாராளம். ஆனால் கணினியில் நிறுவும் பழைய அவுட்லுக், மெயில் எழுத வேர்டின் எடிட்டரையே பயன்படுத்துகிறது. அது பிக்சலைப் பார்ப்பதில்லை, தாளின் அங்குல அளவைத்தான் பார்க்கிறது. 3.15 அங்குலப் படத்தை 3.15 அங்குலமாகவே வைத்து, அனுப்பும்போது அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற கணக்கில் சுருக்கிவிடுகிறது. எதிர்முனைக்குப் போவது சுமார் 302 பிக்சல்தான். பில்லில் 2 மி.மீ. உயரமுள்ள எழுத்து உங்கள் ஸ்கேனில் 24 பிக்சல் இருந்தது. அங்கே 8 பிக்சலுக்கும் குறைவு. அதில் 3 எது, 8 எது என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்கள் படத்தை இழுத்துப் பெரிதாக்கினாலும் மங்கல்தான் பெரிதாகும்.

இப்போது 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து பாருங்கள். பிக்சல் இரட்டிப்பாகும், தாளோ அதே 3.15 அங்குலம்தான். ஒட்டி அனுப்பினால் போய்ச் சேருவது அதே 302 பிக்சல்.

ஆகவே பில்லை மெயிலுக்குள் ஒட்ட வேண்டாம். ஸ்கேனரிலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்து, Attach File வழியாக இணைத்து அனுப்புங்கள். இணைத்த கோப்பை அவுட்லுக் தொடாது. ஜேபெக் படமாகத்தான் இணைக்க முடியும் என்றால், File பக்கத்தில் Info-வுக்குள் Resize large images when I send this message என்ற தேர்வு இயக்கத்தில் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அது இருந்தால் இணைத்த படத்தையும் 1024-க்கு 768 பிக்சலுக்குள் அடக்கிவிடும். நீளமான பில்லுக்கு அது போதாது.

சிவப்புக் குறியின் கதை வேறு. இணையப் பக்கத்தில் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து காப்பி செய்தால், பல நேரம் மெயிலுக்கு வருவது படம் அல்ல, படம் இருக்கும் முகவரி மட்டுமே. வாரண்டிப் பக்கம் உங்கள் கணக்கில் நுழைந்தால்தான் திறக்கும். அவுட்லுக் அந்த முகவரியைத் தட்டும்போது உள்ளே விட மாட்டார்கள். அதனால்தான் The linked image cannot be displayed என்ற வரியுடன் குறி வருகிறது. அந்த வரியில் உள்ள linked என்ற சொல்லே துப்பு: படம் உங்கள் மெயிலில் இல்லை. சில சமயம் உங்களுக்குத் தெரியும், பெறுபவருக்குக் குறிதான் தெரியும். அது இன்னும் மோசம், ஏனென்றால் அனுப்பிய திருப்தியில் இருந்துவிடுவோம்.

தீர்வு எளிது. படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, கணினியில் சேமித்து, அந்தக் கோப்பையே இணையுங்கள். சேமிக்க விடாத பக்கம் என்றால் Windows + Shift + S அழுத்தி அந்தப் பகுதியைப் படமாக எடுத்து ஒட்டலாம். சீரியல் எண் தட்டு மிக்ஸியின் அடியில்தானே இருக்கிறது? திருப்பிப் போட்டு, போனில் புதிதாக ஒரு படம் எடுத்து இணைப்பது அதைவிட வேகம்.

எதை அனுப்பினாலும் பில் எண், வாங்கிய தேதி, மாடல், சீரியல் எண் நான்கையும் மெயிலில் எழுத்தாகவே தட்டிவிடுங்கள். முதலில் உங்களுடைய இன்னொரு மெயில் முகவரிக்கு அனுப்பி, போனில் திறந்து பாருங்கள். கணினியில் பார்த்தால் உங்கள் கணக்குத் திறந்திருப்பதால் ஏமாற வாய்ப்புண்டு.

புது மெயிலாகத் தொடங்காமல், அவர்கள் அனுப்பிய பதிலுக்கே Reply கொடுங்கள். நீங்கள் முதலில் புகார் செய்த தேதி அந்தத் தொடரிலேயே நிற்கும். வாரண்டிக் காலத்துக்குள் சொன்னீர்களா என்று பிறகு தகராறு வந்தால் அதுதான் கைகொடுக்கும். அவர்கள் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

தெர்மல் தாளில் எழுத்து நாளாக ஆக மறைந்துவிடும், வெயிலும் சூடும் பட்டால் இன்னும் சீக்கிரம். ஸ்கேன் செய்த அசல் கோப்பை அழித்துவிடாதீர்கள்.