ரூட்டர் புதுசு, பிளக் பழசு: கேள்வி-பதில்

கேள்வி: ரூட்டரை மாற்றினேன். பழைய பெயர், பழைய பாஸ்வேர்டையே எழுத்து மாறாமல் போட்டேன். ஆனாலும் நான்கு ஸ்மார்ட் பிளக்குகள் இணையவில்லை. போன மாதம் வாங்கிய பல்பு மட்டும் இணைகிறது. அதன் பெட்டியில் 2.4 GHz என்றுதான் இருக்கிறது. கடைக்காரர் பிளக்குகளை மாற்றச் சொல்கிறார்.

பதில்: அவர் சொல்லத்தான் சொல்வார். பர்ஸை உள்ளே வையுங்கள். அந்தப் பல்புதான் துப்பு. அது இணைகிறது என்றால் 2.4 அலைவரிசை ஓடுகிறது, பெயரும் பாஸ்வேர்டும் சரி. மிச்சம் பெரும்பாலும் பாதுகாப்பு முறைதான். புது ரூட்டர்கள் சில `WPA3` முறையிலேயே வருகின்றன. பழைய பிளக்குகளில் பலவற்றுக்கு `WPA2` மட்டுமே தெரியும்.

ரூட்டரின் வயர்லெஸ் அமைப்பில் 2.4-க்கான பாதுகாப்பு முறையைப் பாருங்கள். `WPA3` மட்டும் என்று இருந்தால் `WPA2/WPA3` கலப்பு முறைக்கு மாற்றுங்கள். சில பிளக்குகள் கலப்பிலும் தடுமாறும். அப்போது `WPA2` (AES) மட்டும் வையுங்கள். பிளக்குகளை ஒருமுறை கழற்றி மாட்டினால் தாமாகவே வந்து சேரும்.

முழு வீட்டையும் `WPA2`-க்கு இறக்க மனமில்லையா? விருந்தினர் நெட்வொர்க்கை 2.4, `WPA2` என்று வைத்து, அதற்குப் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். முதன்மை நெட்வொர்க்குக்கு வேறு பெயர். போனும் பிளக்கும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால்தான் வேலை செய்யும் சாதனங்களுக்கு மட்டும் இந்த வழி ஒத்துவராது.

கேள்வி: 5 GHz வேகமானது என்று 2.4-ஐ அணைத்துவிட்டேன். இப்போது எந்தப் பிளக்கும் ஓடவில்லை. மட்டமான சரக்கா?

பதில்: பிளக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். அணைத்ததை மறுபடி போடுங்கள்.

கேள்வி: புது பிளக்கைச் சேர்க்கும்போது, போன் 5 GHz-ல் இருக்கிறது என்று ஆப் நின்றுவிடுகிறது. ரூட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

பதில்: பல ரூட்டர்களில் `Smart Connect` என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை அணைத்து 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். பழைய பெயர் 2.4-க்கே இருக்கட்டும், இல்லையென்றால் ஏற்கெனவே ஓடுபவையும் விழுந்துவிடும். போனை 2.4-ல் இணைத்துப் பிளக்கைச் சேருங்கள். அப்புறம் வேண்டுமானால் மறுபடி ஒன்றாக்கிக்கொள்ளலாம்.

இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. என் கோபமெல்லாம் பெட்டியின் மேல்தான். முன்பக்கம் 'வைஃபை' என்று கொட்டை எழுத்து. எந்த அலைவரிசை, எந்தப் பாதுகாப்பு முறை என்பதை உள்ளே மடித்த தாளில் எறும்பெழுத்தில் போடுகிறார்கள். நானும் ஒரு கேமரா வாங்கி இரண்டு நாள் ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தேன். 'WPA2 மட்டும்' என்ற வரியைக் கண்டபோது, திருப்பித் தரத் தேவையான பெட்டியைக் கிழித்தாகிவிட்டது.

கேள்வி: ரூட்டர் மாற்றியதும் பிளக்குகள் செத்துவிட்டதாக நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: யாரிடம்? ரூட்டர் அமைப்பைத் திறந்தாவது பார்த்தீர்களா?