வார்ஃபரின் தொடங்குபவரிடம் நான் சொல்வது

கேள்வி: அம்மாவுக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கீரையே கூடாதா? ஒரு நாள் மறந்துவிட்டால்? ரத்தக் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்கிறேன். புதிதாகத் தொடங்குபவரிடம் மாத்திரையைக் கொடுத்ததும் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: "நேத்து ராத்திரி மாத்திரையை மறந்துட்டீங்க, காலையிலதான் ஞாபகம் வருது. இன்னைக்கு எத்தனை போடுவீங்க?" பலரும் யோசிக்காமல் "ரெண்டு" என்பார்கள். அங்கிருந்துதான் பேச்சே தொடங்கும்.

"தினமும் சாயங்காலம் ஒரே நேரத்துல போடுங்க. மறந்தது அன்னைக்கே, படுக்கறதுக்குள்ள ஞாபகம் வந்தா போட்டுக்கலாம். மறுநாள் ஆயிடுச்சுன்னா விட்டுடுங்க, அன்னைக்கு உள்ளதை மட்டும் போடுங்க. விட்ட தேதியை நோட்டுல எழுதிவைங்க." உலோக வால்வு என்றால் இன்னொன்றும் சேர்த்துச் சொல்வேன்: தொடர்ந்து இரண்டு நாள் விட்டுப்போனால், அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வால்வில் ரத்தம் உறைந்துவிடலாம்.

அடுத்தது கீரை. கூடாது என்று நான் சொல்வதில்லை. ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையை வார்ஃபரின் தடுக்கிறது. கீரையில் அந்த வைட்டமின் நிறைய. வாரம் இரண்டு நாள் கீரை சாப்பிடும் வீடு என்றால் அப்படியே தொடரட்டும், அதற்கேற்ப மருத்துவர் அளவை வைப்பார். திடீர் மாற்றம்தான் தொல்லை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்தான் ஐஎன்ஆர். ஒருவருக்கு அது 2.8-இல் நிலையாக இருந்தது. இதயத்தின் மைட்ரல் வால்வு இடத்தில் உலோக வால்வு என்பதால் அவருடைய இலக்கு 2.5 முதல் 3.5 வரை. அடுத்த முறை 1.7. மாத்திரை ஒன்றுகூட விடவில்லை என்று சத்தியம் செய்தார். துருவிக் கேட்டதில், ரத்தம் ஊறும் என்று யாரோ சொல்லி பத்து நாளாகத் தினமும் முருங்கைக்கீரை. கீரையை அடியோடு நிறுத்தினால் இதற்கு நேரெதிராக எண் ஏறி ரத்தம் கசியும்.

கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரை கீரையைவிட ஆபத்து. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதையும் மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது. யார் புதிதாக எந்த மருந்து எழுதினாலும், குறிப்பாக ஆன்டிபயாட்டிக், "வார்ஃபரின் போடுறேன்" என்று சொல்லியே ஆகவேண்டும்.

ரத்தக் கசிவுக்கு வருவோம். பல் துலக்கும்போது ஈறில் லேசாக ரத்தம், கையில் சின்ன நீலத் திட்டு வந்தால் எழுதிவையுங்கள். கூடிக்கொண்டே போனால் ஐஎன்ஆர் பார்க்க வேண்டும். மூக்கைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், சிவப்பு அல்லது பழுப்புச் சிறுநீர், ரத்த வாந்தி, தார் போலக் கறுத்து ஒட்டும் மலம், இதுவரை வராத கடும் தலைவலி என்றால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்தான். ஆனால் அதனால்தான் என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள்.

அப்புறம், குளியலறையில் வழுக்கித் தலையில் அடிபட்டால், வெளியே ஒரு துளி ரத்தம் இல்லாவிட்டாலும், அம்மா "ஒண்ணுமில்லடா" என்றாலும், கூட்டிக்கொண்டு போங்கள்.