ஜன்னலைத் திற, தட்டை விடு: நுரையீரல் டிபி கேள்வி பதில்

மார்புநோய்ப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிபி எப்படித் தொற்றுகிறது, உடம்பு அதை எப்படி அடைத்து வைக்கிறது என்று கேளுங்கள். மாத்திரை அளவு கேட்காதீர்கள், ஆளைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

செல்வி: கணவருக்குச் சளியில் கிருமி இருக்கிறது, மாத்திரை ஆரம்பித்தாயிற்று. தட்டு, டம்ளர், போர்வை எல்லாம் தனி. மூன்று வயதுப் பையனுக்கு வராதுதானே?

தட்டைப் பிரித்ததில் பெரிய பயன் இல்லையம்மா. இந்தக் கிருமி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போக வேண்டும். இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் தரையில் விழுந்துவிடும். காய்ந்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்காகச் சுருங்கியவைதான் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும், மூச்சோடு உள்ளே போகும். கொசுவுக்காக ஜன்னலை அடைத்துவிட்டு மூவரும் ஒரே அறையில் படுப்பதுதான் ஆபத்து. வலை கட்டுங்கள், ஜன்னலைத் திறங்கள்.

பயந்து அவரை வீட்டை விட்டு அனுப்பவும் வேண்டாம். 1950களின் கடைசியில் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகளில் பாதிப் பேருக்கு சானட்டோரியம், மீதிப் பேருக்கு வீடு, மருந்து ஒன்றே. குடும்பத்தாரை ஐந்து வருடம் கவனித்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்த குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிக்கும் முன்பே தொற்றிவிடுகிறது; மருந்து ஆரம்பித்ததும் பரவல் வேகமாகக் குறைகிறது. அதனால்தான் சொல்கிறேன், பையனுக்கு இருமல் இல்லாவிட்டாலும் இந்த வாரமே காட்டுங்கள். தடுப்பு மருந்து உண்டு.

முருகன்: எச்சில் டம்ளரில் டீ குடித்தால்?

செல்விக்கு எழுதியதைப் படியுங்கள்.

ஜெயராஜ்: வேலைக்காக எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் சுண்ணாம்புப் புள்ளி என்கிறார்கள். எனக்கு டிபியே வந்ததில்லை சார்.

சின்ன வயதில் வந்து, உங்களுக்குத் தெரியாமலே அடைபட்டிருக்கலாம். காற்றறையில் இறங்கிய கிருமியை அங்கே காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பு அணு விழுங்கும். விழுங்கினாலும் செரிக்க முடியாது. கிருமி அதன் வயிற்றிலேயே பெருகும். மேலும் மேலும் அணுக்கள் வந்து நெருக்கியடித்துச் சூழ்ந்து ஓர் உருண்டை கட்டும். அதுதான் கிரானுலோமா. நடுப்பகுதி செத்து, பனீர்க்கட்டி மாதிரி வெள்ளையாகப் பொடிந்துவிடும். காற்று குறைந்த அந்த இடத்தில் கிருமி தூங்குகிறது. காலப்போக்கில் சுண்ணாம்பு ஏறுகிறது. தொற்றிய நூறு பேரில் தொண்ணூறுக்கு மேல் இப்படியே ஆயுளைக் கழிப்பார்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் ஒப்பிடச் சொல்லுங்கள். புள்ளி மாறவில்லை, இருமல், எடைக் குறைவு, மாலைக் காய்ச்சல் எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் கவலையில்லை.

கதிர்: அப்போ அது ஜெயில். கிருமிக்கு ஆயுள் தண்டனை, நாம் ஜெயித்தோம்.

பாதி சரி. காவலர்கள் அசந்தால் கைதி வெளியே வருவான். கட்டுக்கு மீறிய சர்க்கரை, எச்ஐவி, டிஎன்எஃப் என்ற எதிர்ப்புப் புரதத்தை முடக்க மூட்டுவாதத்துக்குப் போடும் ஊசி, எல்லாமே காவலைத் தளர்த்துபவை.

நிவேதா: ஜெயில் என்பதே பழைய கதை சார். டிபி ஆய்வாளர் லலிதா ராமகிருஷ்ணன் குழு ஸீப்ரா மீன் குஞ்சுகளில் பார்த்தது என்ன? உருண்டை புது மேக்ரோஃபேஜ்களை உள்ளே இழுக்கிறது, கிருமி அவற்றில் பரவுகிறது, சில அணுக்கள் அதைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்கும் போகின்றன. அது பிரசவ வார்டு.

ஆரம்ப நாட்களுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மீனின் கிருமி. அந்த வயதுக் குஞ்சுக்கு, சண்டையை வழிநடத்தும் டி அணுக்களும் இன்னும் வரவில்லை. டிஎன்எஃப்பைத் தடுத்தால் மனிதனுக்கு நோய் கிளம்புகிறதே, சுவருக்கு வேலை இல்லாமலா?

நிவேதா: டிஎன்எஃப் அதிகமானாலும் மேக்ரோஃபேஜ் செத்துக் கிருமி வெளியே வருகிறதே?

அதுவும் உண்மைதான். நான் பார்த்த நோயாளிகளும் உன் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறார்கள். எதிர்ப்பு மிகக் குறைந்த எச்ஐவி நோயாளிக்கு நுரையீரலில் குழி பெரும்பாலும் விழாது, சளியிலும் கிருமி குறைவு. எதிர்ப்பு பலமாக உள்ளவருக்குத்தான் உருண்டையின் நடுப்பகுதி கரைந்து, மூச்சுக்குழாயில் உடைந்து குழியாகும். காற்றுப் பட்டதும் கிருமி கோடிக்கணக்கில் பெருகி இருமலோடு வெளியேறும். அடுத்தவருக்குப் பரவ அதற்கு நம் சண்டையே தேவைப்படுகிறது. சுவர் யாருக்காக என்ற வழக்கை இன்று முடிக்க முடியாது.

பெயர் வேண்டாம்: பிசிஜி தடுப்பூசி போட்டிருக்கிறேன், பயமில்லைதானே?

குழந்தைகளுக்கு வரும் மூளை டிபிக்கு நல்ல காவல். பெரியவர்களின் நுரையீரலுக்குக் காவல் என்று செங்கல்பட்டில் நடந்த பெரிய சோதனையில் தெரியவில்லை.

ராஜி: அவர் ஸ்பூனை வெந்நீரில் போட்டால் போதுமா?

மூன்றாவது முறை. ஜன்னல் அம்மா, ஜன்னல்!

செல்வி: பையனை நாளைக்கே கூட்டிப்போகிறேன். இவர் இருமல் நின்றால் மாத்திரையை விட்டுவிடலாமா என்கிறார்.

கூடவே கூடாது. இரண்டு மாதத்தில் சாவது சுறுசுறுப்பாகப் பெருகும் கூட்டம். உருண்டையின் பனீருக்குள் தூங்குபவை பாக்கி இருக்கும். அவை அவ்வப்போது விழிக்கும்போதுதான் மருந்தில் மாட்டும். ஆறு மாதம் என்பது அதற்காக. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறதா என்று கேளுங்கள். போனால் ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்து உள்ளே இறங்குகிறது. ஆரஞ்சு நிறம் நின்றுவிட்டால் மாத்திரை குப்பையில் கிடக்கிறதா என்று பாருங்கள்.