அணைந்து அணைந்து எரியும் காம்பவுண்ட் விளக்கு: புது சென்சார் வாங்கலாமா?

கேள்வி: இருட்டினால் தானே எரிகிற மாதிரி காம்பவுண்ட் விளக்குகளுக்கு சென்சார் வைத்திருக்கிறோம். சில நாள் ஒழுங்காக எரிகின்றன, சில நாள் நடுராத்திரியில் அணைந்து எரிகின்றன. சென்சாரை ஒருமுறை மாற்றியும் பார்த்துவிட்டோம். இன்னும் விலை கூடினதாக வாங்கவா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடோன் வாட்ச்மேனுக்கும் இதே தொல்லைதான். அங்கே எட்டு விளக்குக்கும் ஒரே சென்சார். இரண்டு தடவை மாற்றியும் கோளாறு போகவில்லை. அவர் தூங்கிவிட்டுக் கதை சொல்கிறார் என்றுகூட முதலாளி சந்தேகப்பட்டார்.

ரோஷத்தில் மனிதர் ஒரு நோட்டு போட்டு, விளக்கு அணைகிற நேரத்தையெல்லாம் எழுத ஆரம்பித்தார். நான்கு ராத்திரியில் விஷயம் பிடிபட்டது. அணைந்தவை கேட் பக்கத்து மூன்று விளக்குகள் மட்டும்தான். மற்ற ஐந்தும் கண் சிமிட்டவே இல்லை. சென்சார் கெட்டிருந்தால் எட்டும் சேர்ந்தல்லவா அணைய வேண்டும்? இன்னொன்று, அணைந்த நேரமெல்லாம் லாரி வந்து போன நேரம். அப்புறம் அவரே இரும்புக் கேட்டை ஓங்கிச் சாத்திப் பார்த்தார். மூன்றும் அணைந்து, சற்று நேரத்தில் மறுபடி எரிந்தன.

கேட் தூணில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ். மறுநாள் மெயினை அணைத்து, டெஸ்டரும் வைத்துப் பார்த்துவிட்டுத் திறந்தார்கள். (பகலில் விளக்கு எரியவில்லை என்பதை நம்பி எதையும் தொடாதீர்கள்; சென்சார் வரை கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.) உள்ளே நியூட்ரல் வயரை லேசாக இழுத்ததுமே கையோடு வந்துவிட்டது. வயரின் மேலுறையைச் சரியாகச் சீவாததால் ஸ்க்ரூ பாதி பிளாஸ்டிக்கின் மேல் இறுகியிருந்தது. இரண்டு மூன்று செம்பு இழைகள்தான் பட்டும் படாமலும் நின்றன. பொறி பறந்து பறந்து கனெக்டரின் ஓரம் கருகியும் இருந்தது. எலக்ட்ரீஷியன் கருகிய முனையை வெட்டி, புதிதாகச் சீவி, கனெக்டரை மாற்றி இறுக்கினார். கருகின கனெக்டரையே திரும்ப இறுக்கினால் கொஞ்ச நாளில் அது மறுபடி சூடாகும்.

உங்கள் வீட்டில் எல்லா விளக்கும் சேர்ந்தே அணைகிறதா என்று முதலில் பாருங்கள். சில மட்டும் அணைந்தால், குடோனைப் போலவே அந்த விளக்குகளுக்குப் போகிற இணைப்பை எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சேர்ந்தே அணைந்தால், இருட்டின பிறகு சென்சாரைக் கறுப்புத் துணியால் நன்றாக மூடிவிடுங்கள். இப்படிச் சில நாள் செய்து பார்த்து, ராத்திரி முழுக்க ஒழுங்காக எரிந்தால், ஏதோ ஒரு விளக்கின் வெளிச்சம் சென்சார் மேல் படுகிறது. சென்சாரை வேறு பக்கம் திருப்பி வைத்தால் போதும். மூடியும் அணைந்தால், சென்சாருக்கு வருகிற வயர்களின் இணைப்பை எலக்ட்ரீஷியனை விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவும் இறுக்கமாக இருந்தால்தான் புது சென்சார்.

குடோனில் கழற்றிப் போட்ட இரண்டு சென்சாரும் நல்லவைதான். அதில் ஒன்று இப்போது பின்வாசல் விளக்கில் வேலை செய்கிறது.