டீசல் செலவு ஏன் டீ செலவில் விழுகிறது?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சீசனில் ஆளாளுக்கு எழுதிய செலவுக் குறிப்புகள் 2,000 வரிக்கு மேல் எக்செலில் உள்ளன. சொல்லை வைத்துக் கணக்குத் தலைப்பு போட்டால், டீசல் எல்லாம் ஊழியர் நலனில் போய் விழுகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: ‘டீசல்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘டீ’ இருப்பதுதான் காரணம். Rules என்ற தனித் தாளில் A பத்தியில் தேடுசொல்லும் B பத்தியில் தலைப்புமாக எழுதுங்கள். குறிப்பு C2-இல் இருந்தால்:

```
=IFERROR(INDEX(Rules!$B$2:$B$41,MATCH(TRUE,
ISNUMBER(SEARCH(" "&Rules!$A$2:$A$41," "&C2&" ")),0)),"REVIEW")
```

எக்செல் 2019 அல்லது அதற்கு முந்தையது என்றால் Ctrl+Shift+Enter அழுத்தி முடியுங்கள். சொல்லின் தொடக்கத்தை மட்டுமே இது பார்க்கும். அதனால் ‘டீ’ விதியில் மட்டும் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு எழுதுங்கள். ‘டீ, வடை’ என்று காற்புள்ளி இருந்தால் அது பொருந்தாது. குறிப்புப் பத்தியின் நகலில் காற்புள்ளிகளை முதலில் இடைவெளியாக மாற்றிவிடுங்கள். சூத்திரத்தில் C2-க்குப் பதில் அந்த நகலின் கட்டத்தைக் கொடுங்கள். மூலக் குறிப்பைத் தொட வேண்டாம். ‘டீசலுக்கு’ என்று எழுதியிருப்பதும் சிக்க வேண்டுமானால், விதியில் புள்ளி இல்லாமல் ‘டீசல’ என்று கொடுங்கள்.

முதலில் பொருந்தும் விதியே வெல்லும். ஆகவே வரிசைதான் முக்கியம்:

```
சர்வீஸ        பழுதுபார்ப்பு
ஜெனரேட்டர    மின்சாரம், எரிபொருள்
லோடு          சரக்குக் கூலி
டீசல           REVIEW
```

‘ஜெனரேட்டர் சர்வீஸ்’ பழுதுபார்ப்புக்கும், ‘டீசல் 20 லி ஜெனரேட்டர்’ எரிபொருளுக்கும், ‘மாங்காய் லோடு வண்டி டீசல்’ சரக்குக் கூலிக்கும் போகும். வெறும் ‘டீசல் 1,800’ என்று மட்டும் இருந்தால் எந்த வண்டிக்கு, எந்த இயந்திரத்துக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. அதை ஊகித்துத் தலைப்பில் தள்ளாமல் REVIEW-க்கே அனுப்புவது நேர்மையான வழி. ‘வாடகை’, ‘மோட்டார்’ போன்ற சொற்களையும் இப்படியே வையுங்கள். மோட்டாருக்குக் காயில் கட்டினால் பழுதுபார்ப்பு, புதிதாக வாங்கினால் நிலைச் சொத்து. சொல் மட்டும் அதைப் பிரித்துக் காட்டாது. பில்லைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

Rules தாளில் நடுவிலோ கடைசியிலோ ஒரு வெற்று வரியும் இருக்கக்கூடாது. வெற்று வரி எனில் சூத்திரம் வெறும் இடைவெளியைத் தேடும். அது எல்லாக் குறிப்பிலும் உண்டு. REVIEW-க்குப் போக வேண்டியவை 0 என்று வந்தால் காரணம் இதுதான். சூத்திரத்தில் உள்ள 41 என்ற எண் 40 விதிகளுக்கானது. விதி அதைவிடக் குறைவாக இருந்தாலும் கூடினாலும், கடைசி விதி இருக்கும் வரி எண்ணாக அதை இரண்டு இடத்திலும் மாற்றுங்கள்.

REVIEW வரிகளைத் தனித் தாளுக்கு எடுத்து, தொகை பெரியதிலிருந்து அடுக்கிப் பாருங்கள். முடிவை அடுத்த பத்தியில் எழுதுங்கள். சூத்திரத்தின் மேலேயே தட்டச்சு செய்தால், அது விதியா கை முடிவா என்று ஆடிட்டருக்குத் தெரியாது. ஒரே சொல் திரும்பத் திரும்ப ஒரே தலைப்புக்குப் போனால் மட்டும் புது விதி சேருங்கள்.

தவறாகப் பொருந்தியவை REVIEW-இல் வராது என்பதால், ஒவ்வொரு தலைப்பிலும் ஓர் இருபது வரியை எடுத்து வவுச்சரோடு ஒப்பிடுங்கள். புது விதி சேர்த்த பிறகு ஏற்கெனவே சரியாக இருந்த வரிகள் இடம் மாறியிருக்கலாம். ஆகவே தலைப்புவாரி மொத்தத்தை முன்னும் பின்னும் குறித்து, மாறிய தலைப்பை மட்டும் திறந்து பார்த்தால் போதும்.